ஒரு நல்ல ‘இல்லை’

போன வருசம் ஆவணி மாதத்தில் ஒரு பின்னேரம், ஊர்காவற்றுறை இறங்குதுறையில் பாதைக்காகக் காத்துக்கொண்டு நிக்கேக்கை எனக்கு ஒரு இமெயில் வந்தது. வெளிநாட்டில் நடக்கிற ஒரு குறும்பட விழாவிலிருந்து. முதல் வரியிலேயே விசயம் தெரிந்துவிட்டது: எங்கட படம் தெரிவாகவில்லை.

அது எனக்கு வந்த மூன்றாவது ‘இல்லை’. முதல் இரண்டும் நாலு வரி. “இந்த வருடம் பெருந்தொகையான படங்கள் வந்தன, தெரிவு மிகக் கடினமாக இருந்தது, உங்கள் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்” என்கிற மாதிரி. படத்தின் பெயரை மாற்றிவிட்டு ஆருக்கும் அனுப்பக்கூடிய கடிதங்கள். ஆனால் இந்த மூன்றாவது கடிதம் ஒரு பக்கத்துக்கு மேலே இருந்தது. அதை எழுதினவர், படங்களைப் பார்த்துத் தெரிவுசெய்து எந்தப் படத்தோடு எந்தப் படத்தைப் போடுவது என்று அடுக்குகிற நிகழ்ச்சித் தொகுப்பாளர். அவர் எங்கட படத்தைக் கடைசிவரை பார்த்திருக்கிறார் என்பது இரண்டாவது பந்தியிலேயே விளங்கிவிட்டது. ஏனென்றால் அதில் குடையைப் பற்றி எழுதியிருந்தார்.

இந்தக் கட்டுரை அந்தக் கடிதத்தைப் பற்றியது. என்னுடைய கருத்து இதுதான்: இப்படி ஒரு ‘இல்லை’, மாதத்துக்கு மாதம் இணையத்தில் காசுக்குக் கிடைக்கிற ‘சிறந்த குறும்படம்’ இலச்சினையைவிடப் பெறுமதியானது. ஆனால் அந்தப் பெறுமதி எங்களுக்கு வர வேண்டுமென்றால், கடிதத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். எனக்கு முதலில் தெரியவில்லை.

படம் என்ன

படத்தின் நீளம் 22 நிமிசம். கதை சின்னது. ஊர்காவற்றுறையில் இருக்கிற ஒரு அம்மம்மா, காரைநகரில் இருக்கிற தன்ர தங்கச்சி வீட்டுக்குப் போக வேணும். தங்கச்சியின்ர புருசன் செத்துப்போனார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், அம்மம்மா சமைத்து, கட்டி, பேரனோடு இறங்குதுறைக்கு வாறா. பாதை பழுது. இண்டைக்கு ஓடுமோ தெரியாது. அந்தக் கரை கண்ணுக்குத் தெரியுது, நடுவில் கடற்கோட்டை நிக்குது. ஆனால் போக ஏலாது. தரையால் போறதெண்டால் வேலணை, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போய், பொன்னாலையால் காரைநகருக்குள் இறங்க வேணும். பத்து நிமிசத் தண்ணிக்கு அரை நாள் பயணம். அவவும் பேரனும் காத்திருக்கினம். அவ்வளவுதான் படம்.

எங்கட ஊர்ப் பக்கம் இல்லாத ஆக்களுக்கு ஒரு விளக்கம்: ‘பாதை’ என்றால் இங்கை றோட்டு இல்லை. ஆக்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு இரண்டு கரைக்கும் இடையில் போய்வாற மிதவை. நாங்கள் எல்லாரும் அதைப் பாதை என்றுதான் சொல்லுவம். இந்த ஒரு சொல் எங்களை எங்கை கொண்டுபோய் விட்டது என்று பிறகு சொல்லுறன்.

நாலு பேர் சேர்ந்து எடுத்த படம். ஒரு இரவல் கமரா, ஒரு கிழமை வாடகைக்கு எடுத்த ட்ரோன், நடித்தது எங்கட உறவுக்கார அம்மம்மா ஒருவர். விழாக்களுக்கு அனுப்பத் தொடங்கின பிறகுதான் காசு கூடப் போனது. ஒரு விழாவுக்கு 40 டொலர் கட்டணம் என்றால் எங்கட காசில் கிட்டத்தட்ட 12,000 ரூபா. மூன்று இடத்துக்கு அனுப்பினால் அந்தக் காசில் இன்னொரு சின்னப் படமே எடுத்திருக்கலாம். ஊரில் எல்லாரும் “என்ன தம்பி, படம் எங்கையாவது ஓடினதோ?” என்று கேட்கிற நேரம். அந்த மூன்றாவது கடிதம் வந்த அண்டைக்கு, இனி வேண்டாம் என்ற முடிவுக்கு நான் கிட்டத்தட்ட வந்திருந்தன்.

முதல் வாசிப்பு பிழையான வாசிப்பு

கடிதத்தை முதல்தரம் வாசிக்கேக்கை எனக்குக் கோபம்தான் வந்தது. அதில் நல்ல வார்த்தைகள் இருந்தன. அவை எல்லாம் ஆறுதலுக்குச் சொன்னவை என்று நினைத்தன். குறைகள் இருந்தன, அவை எல்லாம் எங்கட வாழ்க்கை விளங்காத ஒரு ஆள் சொன்னவை என்று நினைத்தன். அதாவது பாராட்டையும் நம்பவில்லை, குறையையும் நம்பவில்லை. அப்படி வாசித்தால் எந்தக் கடிதத்திலிருந்தும் ஒன்றும் கிடைக்காது.

இரண்டு கிழமைக்குப் பிறகு, எடிற் செய்த நண்பன் வீட்டில் இருந்து, கடிதத்தை ஒரு பக்கமும் படத்தை மற்றப் பக்கமும் வைத்துக்கொண்டு திரும்ப வாசித்தம். ஒவ்வொரு குறிப்புக்கும் நேராகப் படத்தில் எத்தனையாவது நிமிசம் என்று எழுதினம். அப்பதான் ஒரு விசயம் பிடிபட்டது. அந்த மனுசன் எங்களுக்குப் படம் எடுக்கச் சொல்லித் தரவில்லை. தான் எந்த இடத்தில் படத்தோடு இருந்தார், எந்த இடத்தில் விட்டுப்போனார் என்பதைத்தான் சொல்லியிருந்தார். ஒரு பார்வையாளனின் கவனம் எங்கே அறுந்தது என்பதை, எங்களைத் தெரியாத, எங்களுக்கு முகஸ்துதி செய்யத் தேவையில்லாத ஒரு ஆள் எழுதித் தந்த வரைபடம் அது. சொந்தக்காரரும் கூட்டாளிகளும் இதை ஒருநாளும் தரமாட்டினம்.

அந்தக் கடிதத்தில் நாலு குறிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றாகச் சொல்லுறன்.

ஒன்று: படம் தொடங்குகிற இடம்

எங்கட படம் ட்ரோனில்தான் தொடங்கியது. கடலுக்கு நடுவில் கோட்டை, சுற்றிவரத் தண்ணி, மேலே பெயர்கள். பிறகு பின்னணிக் குரலில் ஊர்காவற்றுறையின் வரலாறு: துறைமுகமாக இருந்த காலம், பாய்க்கப்பல்கள், 1990களின் தொடக்கத்தில் சனம் இடம்பெயர்ந்தது, இப்ப பூட்டிக் கிடக்கிற வீடுகள். நாலு நிமிசத்துக்குப் பிறகுதான் அம்மம்மா வாறா.

தொகுப்பாளர் எழுதியது சுருக்கமாக இது: தனக்குப் படம் தொடங்கியது ஐந்தாவது நிமிசத்தில், வெயில் ஏறேக்கை அந்த வயதுபோன பெண் குடையை விரித்துத் தனக்குப் பிடிக்காமல் சாப்பாட்டுப் பைக்குப் பிடிக்கிற இடத்தில். அந்த ஒரு காட்சியில் அவ ஆர், எங்கே போறா, ஏன் அவசரம் என்று எல்லாம் தனக்குத் தெரிந்துவிட்டது என்றும், அதற்கு முதல் பார்த்த நாலு நிமிசம் வேறு ஒரு ஆவணப்படத்தின் தொடக்கம் மாதிரி இருந்தது என்றும் எழுதியிருந்தார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் குடைக் காட்சியை நாங்கள் எழுதவே இல்லை. அம்மம்மா தானாகச் செய்தது. கமராவைப் பிடித்தவன் தற்செயலாக எடுத்தது. நாங்கள் காசு கொடுத்து எடுத்த ட்ரோன் ஷொட்டை அவர் தூக்கிப்போட்டார், சும்மா கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் இந்த நாலு நிமிசம் இவ்வளவு பெரிய விசயம்? இங்கே விழாக்களின் வேலைமுறை தெரிய வேண்டும். 2025 சண்டான்ஸ் விழாவுக்கு 11,153 குறும்படங்கள் வந்தன, தெரிவானவை 57. அண்ணளவாக இருநூறு படத்துக்கு ஒன்று. சின்ன விழாக்களில் கணக்கு இவ்வளவு கொடூரமாக இல்லாவிட்டாலும், ஒரு தொகுப்பாளர் ஒரு நாளில் பல படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். ட்ரோனில் தொடங்குகிற கடற்கரைப் படம் அண்டைக்கே அவர் பார்க்கிற இரண்டாவதோ மூன்றாவதோ ஆக இருக்கலாம். செத்த வீட்டுச் சாப்பாட்டுக்குக் குடை பிடிக்கிற அம்மம்மா ஒராள்தான்.

இரண்டு: ‘பாதை’ என்ற சொல்

இந்தக் குறிப்பை வாசித்துத்தான் நாங்கள் சிரித்தம், பிறகு வெட்கப்பட்டம். படத்தில் இறங்குதுறையில் நிக்கிற ஒருவர், “பாதை பழுதாப் போச்சுது அம்மா” என்று சொல்லுறார். ஆங்கில உபதலைப்பை நாங்களே போட்டம். ‘பாதை’க்கு அகராதியில் இருக்கிற சொல்லைப் போட்டிட்டம்: ‘பாத்’. காலால் நடந்து போகிற வழிக்குச் சொல்லுகிற சொல். தொகுப்பாளர் எழுதியிருந்தார், எங்கோ ஒரு றோட்டு உடைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிசம் படம் பார்த்ததாகவும், இவர்கள் ஏன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று விளங்கவில்லை என்றும். பாதை வந்து கரை தட்டுகிற கடைசிக் காட்சியில்தான் ‘ஓ, படகா!’ என்று அவருக்கு வெளித்திருக்கிறது.

எங்கட படத்தின் முழு இழுபறியும் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நாங்களே அறுத்துவிட்டம். ‘ஃபெரி’ என்று போட்டிருந்தால் முடிந்தது.

இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட முறை இது. உபதலைப்பை முடித்த பிறகு, தமிழ் தெரியாத ஒருவரிடம், சத்தத்தை முழுக்க நிப்பாட்டிவிட்டு, படத்தைக் காட்ட வேணும். முடிந்ததும் “என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்க வேணும். “நல்லா இருந்ததோ?” என்று கேட்டால் நல்லா இருந்தது என்றுதான் சொல்லுவினம். கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், எந்தச் சொல் வழி மாறிப்போனது என்று பிடிபடும். நாங்கள் கொழும்பில் வேலை செய்யிற ஒரு சிங்கள நண்பருக்குக் காட்டினம். அவர் இன்னொரு பிழையும் பிடித்தார்: சில வரிகள் வாசித்து முடிக்க முதல் மறைஞ்சு போகுது. பொதுவாக ஒரு வரிக்கு 42 எழுத்துகளுக்குள், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாமல் உபதலைப்புப் போடுவார்கள். எங்களுடையதில் மூன்று வரி நின்ற இடங்கள் இருந்தன. அதோடு வெள்ளை எழுத்து, பின்னால் மத்தியான வெயிலில் வெளுத்துப்போன கடல். எழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்பு விளிம்பு போட்டதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மூன்று: கடல் ஒவ்வொரு வெட்டிலும் மாறியது

மூன்றாவது குறிப்பு சத்தத்தைப் பற்றியது. கதைக்கிறது கேட்கிறது, ஆனால் அம்மம்மாவிலிருந்து பேரனுக்கு ஷொட் மாறுகிற ஒவ்வொருதரமும் கடலும் மாறுகிறது என்று எழுதியிருந்தார். எங்களுக்கு முதலில் என்ன சொல்லுறார் என்றே விளங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்தம். உண்மைதான். அம்மம்மாவின் ஷொட்டில் காற்று இரையுது; பேரனுக்கு வெட்டினால் காற்று திடீரென்று நிக்குது, ஒரு மோட்டார் சத்தம் வருது; திரும்ப அம்மம்மா, திரும்பக் காற்று. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டு பேர் கதைக்கிற மாதிரி இல்லை.

காரணம் சின்னது. அம்மம்மாவின் ஷொட்டுகளைக் காலமையும் பேரனுடையதைப் பின்னேரமும் எடுத்தம். சத்தம் கமராவின் மைக்கிலேயே பதிவானது. ஒவ்வொரு ஷொட்டும் தன் பின்னணியைத் தன்னோடு கொண்டுவந்துவிட்டது. வெட்டுகிற இடத்தில் இரண்டு பின்னணியும் மோதுது. படத்தைப் பார்க்கிறவர் இதைக் காரணமாகச் சொல்லமாட்டார், ‘ஏதோ ஒட்டவில்லை’ என்றுதான் உணருவார்.

திருத்தம் காசில்லாதது. ஒரு நாள் விடியப்புறம் இறங்குதுறைக்குப் போய், காற்றுக்கு முதுகு காட்டி இருந்து, ஒருத்தரும் கதைக்காமல் பத்து நிமிசம் கடலை மட்டும் பதிந்தம். மைக்குக்கு மேலே மொத்தத் துணி சுற்றினம், காற்று நேரே அடித்தால் வருகிற ‘பொது பொது’ சத்தம் அதால் குறையும். அந்தப் பத்து நிமிசத்தை முழுக் காட்சிக்கும் கீழே, வெட்டாமல், ஒரே நீளமாக ஓடவிட்டம். மேலே ஷொட்டுகளின் சொந்தப் பின்னணியை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்தம். காற்று மோசமாக இருந்த ஆறு வசனங்களை அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கதவு யன்னல் பூட்டி, மெத்தைக்குப் பக்கத்தில் இருத்தித் திரும்பப் பேசவைத்தம். எல்லாம் சரியாக வந்தது என்று சொல்லமாட்டன். ஒரு வசனத்தில் அவவின் குரல் வீட்டுக்குள்ளிருந்து வருவது இப்பவும் தெரியும். இருந்தாலும் கடல் இப்ப ஒரே கடல்.

நான்கு: நாங்கள் ஒத்துக்கொள்ளாத குறிப்பு

கடைசிக் குறிப்பில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. படத்தின் முடிவில், பாதை ஓடத் தொடங்கின பிறகு, அம்மம்மா பேரனுக்கு, 1990களின் தொடக்கத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட கதையைச் சொல்லுறா. மூன்று நிமிசம், பின்னால் வயலின். தொகுப்பாளர் சொன்னார்: அவவுக்கு இந்தத் தண்ணி எவ்வளவு பெரியது என்பது தனக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது, பிறகு வாயால் சொன்னபோது, ஏற்கெனவே தந்ததைத் திரும்பத் தருவது மாதிரி இருந்தது.

நண்பன் சொன்னான், “சரி, வெட்டுவம். முதல் மூண்டிலையும் அவர் சரிதானே.” நான் சொன்னன், “இதை வெட்டினால் ஏன் படம் எடுத்தனாங்கள்?” எங்கட ஆக்கள் இதைச் சொல்லுறதே குறைவு. சொல்லுற ஒரு மனுசியையும் வாயைப் பொத்தச் சொல்லுறதோ? வெளியிலிருந்து பார்க்கிற ஒருவருக்கு மிகையாகத் தெரிகிறது, இங்கே இருக்கிற ஒருவருக்கு முதன்முதலாகக் கேட்கிற விசயமாக இருக்கலாம்.

கதைத்து முடிவு வராததால், படத்தையே கேட்பம் என்று நினைத்தம். எங்கட வீட்டு முற்றத்தில் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டி, அக்கம்பக்கத்துப் பன்னிரண்டு பேருக்கு அந்த 22 நிமிசப் படத்தைப் போட்டம். நாங்கள் இரண்டு பேரும் படத்தைப் பார்க்கவில்லை, ஆக்களைப் பார்த்தம். ஆர் எப்ப ஃபோனை எடுக்கினம், எப்ப பக்கத்து ஆளோடு கதைக்கினம் என்று நேரத்தோடு குறித்தம்.

ட்ரோன் போன நாலு நிமிசத்தில் ஐந்து பேர் ஃபோனை எடுத்திச்சினம். தங்கட ஊர், தங்கட கோட்டை, தங்கட வரலாறு. எண்டாலும் எடுத்திச்சினம். ஆனால் கடைசி மூன்று நிமிசத்தில் ஒருத்தரும் அசையவில்லை. இரண்டு அன்ரிமார் அழுதிச்சினம். படம் முடிந்து ஒரு ஐயா கேட்டார், “அந்த வயலினை ஏன் போட்டனீங்கள்? அவ கதைக்கிறது கேக்கேல்லை.”

அந்த ஒரு கேள்வியோடு எங்கட சண்டை முடிந்தது. தொகுப்பாளர் விட்டுப்போன இடம் சரி. காரணம் அவர் சொன்னது முழுதும் இல்லை. அவவின் பேச்சுக்கு மேலே நாங்கள் வைத்த வயலின்தான் ‘இப்ப அழுங்கோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. வயலினை எடுத்தம். பேச்சை மூன்று நிமிசத்திலிருந்து ஐம்பது செக்கனுக்குக் குறைத்தம், ஆனால் எடுக்கவில்லை. அவ வெளிக்கிடேக்கை பூட்டிய வீட்டுத் திறப்பைப் பற்றிச் சொல்லுகிற பகுதி மட்டும் இருக்கு.

ஆகவே இதுதான் எங்களுக்குப் பிடிபட்ட வாசிப்பு முறை: ‘இந்த இடத்தில் எனக்கு ஒட்டவில்லை’ என்று ஒருவர் சொன்னால், இடத்தை நம்ப வேணும். ‘இதை இப்படிச் செய்’ என்று சொன்னால், அதை யோசிக்க வேணும். வெளியாரும் ஊராரும் ஒரே இடத்தில் விட்டுப்போனால் வெட்டலாம், சந்தேகமே இல்லை. இரண்டு பேரும் வேறுபட்டால், இந்தப் படம் ஆருக்கு என்ற கேள்விக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேணும். அதை எந்தத் தொகுப்பாளரும் எங்களுக்காகச் சொல்ல ஏலாது.

பிறகு ஏன் எடுக்கவில்லை?

கடிதத்தின் முடிவில் ஒரு வரி இருந்தது. இந்தக் குறைகள் இருந்தும் தெரிவுக் குழுவில் படத்தைப் பற்றிக் கதைத்ததாகவும், 22 நிமிசம் என்பது கடைசியில் பாரமாகிவிட்டதாகவும். இதை நான் முதலில் சாட்டு என்று நினைத்தன். கணக்குப் போட்டுப் பார்த்தால் சாட்டு இல்லை.

குறும்படங்களைத் தனியாகக் காட்டுவதில்லை. அண்ணளவாக ஒன்றரை மணித்தியாலத் தொகுதியாகக் கட்டித்தான் காட்டுவார்கள். அந்த 90 நிமிசத்தில் எங்கட படம் கால்வாசியை எடுத்துவிடும். அதே இடத்தில் 11 நிமிசப் படங்கள் இரண்டைப் போடலாம். அதாவது 22 நிமிசப் படம் இரண்டு நல்ல படங்களை வெளியே தள்ளுகிற அளவுக்கு நல்லதாக இருக்க வேணும். கான் விழாவின் குறும்படப் போட்டியில் 15 நிமிசத்துக்கு மேற்பட்ட படத்தை ஏற்கவே மாட்டார்கள், அதுவும் பெயர்கள் ஓடுகிற நேரமும் சேர்த்து. நீளமான குறும்படம் எடுக்கக்கூடாது என்றில்லை. ஒவ்வொரு நிமிசத்துக்கும் இன்னொருவரின் இடத்தை நாங்கள் கேட்கிறம் என்று தெரிந்துகொண்டு எடுக்க வேணும்.

அதோடு ஒரு விழாவில் இடமில்லை என்பது படத்தின் மீதான தீர்ப்பும் இல்லை. 1995இல் சண்டான்ஸில் இடம் கிடைக்காத சில இயக்குநர்கள் சேர்ந்து அதே ஊரில், அதே நாட்களில் ஸ்லாம்டான்ஸ் என்று தங்கட விழாவைத் தொடங்கினார்கள். கிறிஸ்தோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான ‘ஃபாலோயிங்’ 1999இல் அங்கே காட்டப்பட்டது. எங்கட படத்தை நான் அதோடு ஒப்பிடவில்லை. ஒரு கதவு ஒரு வருசம் எப்படி அடுக்கப்பட்டது என்பதற்கும் படத்தின் பெறுமதிக்கும் இடையில் இடைவெளி இருக்கு என்பதை மட்டும் சொல்லுறன்.

பதில் எழுதுவது

இப்படிக் கடிதம் எழுதுகிற தொகுப்பாளர்கள் குறைவு. நேரமில்லாதது ஒரு காரணம். இன்னொரு காரணம் நாங்கள். காரணம் சொல்லி ஒரு ‘இல்லை’ அனுப்பினால், “நீங்கள் படத்தை விளங்கவில்லை” என்று மூன்று பக்கப் பதில் வரும். அடுத்த வருசம் அவர் நாலு வரிக் கடிதத்துக்குத் திரும்பிவிடுவார். முதல் நாள் கோபத்தில் நானும் அப்படி ஒரு பதில் எழுதி வைத்திருந்தன். இறங்குதுறையில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் அது போகவில்லை. அந்தச் சிக்னலுக்கு நன்றி.

பிறகு நான் அனுப்பினது மூன்று வசனம்: நன்றி, உபதலைப்பில் அந்தச் சொல் பிழை, உங்களால் கண்டுபிடித்தம், மாற்றி எடிற் செய்த பதிப்பைத் திரும்ப அனுப்பலாமோ, அல்லது அடுத்த படத்தோடுதான் வர வேணுமோ? ஒரே படத்தை இரண்டாந்தரம் எடுக்காத விழாக்கள் பல உண்டு, கேட்காமல் திரும்பக் கட்டணம் கட்டினால் காசுதான் நட்டம். அவர் ஒரு வரியில் பதில் போட்டார்: அடுத்த படத்தோடு வாருங்கள்.

எங்கட பக்கத்து விழாக்களுக்கு

இந்தக் கட்டுரையின் கடைசிக் கோரிக்கை படம் எடுக்கிறவைக்கு இல்லை, விழா நடத்துகிறவைக்கு. யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா 2015இல் தொடங்கியது. அதைவிடப் பல்கலைக்கழகங்களிலும் சனசமூக நிலையங்களிலும் இளைஞர் அமைப்புகளிலும் சின்னச் சின்னக் குறும்படப் போட்டிகள் நடக்குது. தீவுப் பகுதியிலிருந்து ஒரு பெடியனோ பெட்டையோ தன்ர முதல் படத்தை முதலில் அனுப்புவது இப்படி ஒரு இடத்துக்குத்தான்.

ஒரு சின்னப் போட்டிக்கு எண்பது படம் வருகிறது என்று வைப்பம். எல்லாருக்கும் ஒரு பக்கம் எழுதச் சொல்லவில்லை. படத்தைப் பார்க்கேக்கையே, மூன்று வசனம் குறித்து வைத்தால் போதும்: எந்த இடத்தில் படம் என்னைப் பிடித்தது, எந்த இடத்தில் விட்டது, எந்த இடம் விளங்கவில்லை. இடத்துக்கு நிமிசக் கணக்கு. பாராட்டு வேண்டாம், புத்திமதி வேண்டாம். ஒரு படத்துக்கு ஐந்து நிமிசம் என்றாலும் எண்பது படத்துக்கு ஏழு மணித்தியாலத்துக்குள் முடியும். இரண்டு பேர் பிரித்துச் செய்தால் அரை நாள் வேலை. “தரமற்றது”, “இன்னும் முயற்சிக்கவும்” என்று மேடையில் சொல்லுகிற நடுவர் உரையைவிட இது எவ்வளவோ மேல்.

எங்கட படம் இப்ப 14 நிமிசம். குடையில் தொடங்குது. ட்ரோன் ஷொட் ஒன்றுகூட இல்லை. இரண்டு இடத்துக்கு அனுப்பியிருக்கிறம், இன்னும் பதில் வரவில்லை. போன கிழமை திரும்பவும் முற்றத்தில் சீலை கட்டிப் போட்டம். அதே ஐயா வந்திருந்தார். முடிந்த பிறகு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார். படலையில் நின்று திரும்பி, “அந்தத் திறப்பு அவவிட்டை இப்பவும் இருக்கோ?” என்று கேட்டார்.

இருக்கு. அது அடுத்த படம்.